கோடைகால ஆய்வுப் பயிற்சி: விண்ணப்பக் கடிதம்

பெறுநர்: தேர்வுக் குழு, கையெழுத்துப் பண்பாட்டு ஆய்வு மையம், ஹாம்பர்க் பல்கலைக்கழகம், ஜெர்மனி.

மதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

தஞ்சாவூரில் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுக்கட்டுரை எதுவும் வெளியிட்டதில்லை. ஆனால் ஓலைச்சுவடிகளோடு நல்ல பழக்கம் உண்டு.

என் தாத்தா சித்த வைத்தியர். அவருடைய சுவடிக் கட்டுகளை விடுமுறைகளில் சுத்தம் செய்து, படமெடுத்து வருகிறேன். எழுத்தாணி கீறிய தடத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால்தான் எழுத்து தெளிவாகத் தெரியும். ஒரே கட்டில் ஓர் ஏடு கருகருவென்று இருக்க, அடுத்த ஏடு வெளிறிக் கிடக்கிறது. எண்ணெய் வேறா, தேய்த்த காலம் வேறா, ஈரம் செய்த வேலையா? வெறும் கண்ணால் சொல்ல முடியவில்லை. கரி அகச்சிவப்பு ஒளியிலும் கருப்பாகவே தெரியும் என்று படித்ததிலிருந்து, மங்கிய வரிகளை அப்படி மீட்க முடியுமா என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

ஏட்டுக்குச் சேதமில்லாமல் மையை ஆராயும் முறைகளை உங்களிடம் கற்க ஆசைப்படுகிறேன். புள்ளியில்லாத மெய்யெழுத்தும், குறில் நெடில் பிரித்துக் காட்டாத எகர ஒகரமும் எனக்குப் பழகிவிட்டன. அதனால் எந்த வரியை அளப்பது பயன் தரும் என்று தேர்ந்தெடுக்க உங்கள் குழுவுக்கு என்னால் உதவ முடியும்.

ஜூன், ஜூலை முழுவதும் வர இயலும். மதிப்பெண் பட்டியலையும் நான் எடுத்த சில ஏட்டுப் படங்களையும் இணைத்துள்ளேன்.

அன்புடன்,
க. தமிழ்ச்செல்வி