2026 பண்டிகை வாழ்த்துகள்: அச்சகத்திலிருந்து வாடிக்கையாளருக்கும் உடன் பணிபுரிவோருக்கும்

முன்னலுவலகத்துக்கு: செய்திகளை அப்படியே நகலெடுத்து அனுப்பலாம். சாமி படம், பிறைப் படம், சிலுவைப் படம் எதுவும் சேர்க்க வேண்டாம்; எழுத்து மட்டும் போதும். மொத்தமாக ஃபார்வர்டு செய்யாமல், பெரிய வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனியாக அனுப்பவும். யார் எந்தப் பண்டிகை கொண்டாடுகிறார் என்று பெயரைப் பார்த்து ஊகிக்காதீர்கள். தெரியாவிட்டால் பொதுச் செய்தியே சரி.

பொங்கல், ஜனவரி 15 வியாழன். எல்லா வாடிக்கையாளருக்கும், 14 காலை

வணக்கம். விளைச்சலுக்கும் உழைப்புக்கும் நன்றி சொல்லும் நாள் வந்துவிட்டது. உங்கள் இல்லத்திலும் தொழிலிலும் இந்தத் தை நிறைவாகப் பிறக்கட்டும். பொங்கல் வாழ்த்துகள்!
15 முதல் 18 வரை அச்சகம் விடுமுறை. புரூஃப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியவர்கள் இன்று மாலை 4 மணிக்குள் தந்தால் 19 திங்கள் காலையே மெஷினில் ஏறிவிடும்.
– உங்கள் அச்சகத்தார்

ரமலானும் தவக்காலமும். நம் பணியாளர் குழுவுக்கு, பிப்ரவரி 17 மாலை

தோழர்களே, இந்த ஆண்டு சாம்பல் புதன் பிப்ரவரி 18. அதே வாரத்தில் பிறை பார்த்து ரமலானும் தொடங்குகிறது. நோன்பு இருப்போருக்கு ரமலான் முபாரக். தவக்காலம் அனுசரிப்போருக்கு மனநிறைவான நாட்கள் அமையட்டும்.
மாலை ஷிப்டில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே மெஷினை நிறுத்தி, 30 நிமிடம் கழித்து ஓட்டுவோம். தொழுகைக்கும் அதிலேயே நேரம் இருக்கிறது. ஒரு பாரம் பாதி ஓடிக்கொண்டிருந்தால் நோன்பில்லாத ஒருவர் அதை முடித்துக் கொடுக்கவும். நடுவில் நிறுத்தினால் மை அடர்த்தி மாறித் தாள் வீணாகும். பேப்பர் ரீம் தூக்கும் வேலை பகல் 12 மணிக்குள் முடியட்டும். "நீங்க ஏன் நோன்பு வைக்கல?" என்ற கேள்வி யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம்.

ரமலான் தொடக்கம். வாடிக்கையாளர்

அஸ்ஸலாமு அலைக்கும் பாய். ரமலான் முபாரக். நோன்பும் தொழுகையும் இலேசாக அமையட்டும். இம்மாதம் உங்கள் வேலை பற்றி மாலை நேரத்தில் நாங்கள் கூப்பிட மாட்டோம். புரூஃப் காலை 11 மணிக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும், வசதிப்படும்போது பாருங்கள்.

நோன்புப் பெருநாள். பிறை அறிவிப்பு வந்த பிறகு மட்டும்

மார்ச் 20 அல்லது 21 வரும். ரமலான் 29 நாளில் முடியுமா 30 நாளில் முடியுமா என்பது 29ஆம் நாள் இரவுதான் தெரியும், அதனால் முன்கூட்டியே நேரம் குறித்து வைக்காதீர்கள்.

வாடிக்கையாளருக்கு:
ஈத் முபாரக்! ஒரு மாத நோன்பின் பலன் உங்கள் இல்லம் முழுவதும் பரவட்டும். பெருநாள் நல்வாழ்த்துகள்.
– அச்சகத்தில் உள்ள அனைவரும்

மெஷின் ஆப்பரேட்டருக்கு:
பாய், ஈத் முபாரக்! வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். இரண்டு நாள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள், தம்பி மெஷினைப் பார்த்துக்கொள்வான். பெருநாள் தொழுகைக்கு முன்பே ஃபித்ரா கொடுத்தாக வேண்டும் என்பதால் இம்மாதச் சம்பளம் 17ஆம் தேதியே வங்கியில் ஏறிவிட்டது. வரவில்லை என்றால் கணக்குப் பிரிவுக்கு உடனே ஒரு போன் போடுங்கள்.

மகாவீரர் ஜெயந்தி, மார்ச் 31 செவ்வாய்

வணக்கம் சார். மகாவீரர் ஜெயந்தி வாழ்த்துகள். அகிம்சையும் அமைதியும் உங்கள் இல்லத்தில் நிலைக்கட்டும். கணக்கு முடிக்கும் நாளும் இன்றே வருவதால் உங்கள் பில்களையும் பாக்கிப் பட்டியலையும் நேற்றே அனுப்பிவிட்டோம். இன்று அது பற்றிய தொந்தரவு எங்களிடமிருந்து வராது.

புனித வெள்ளி, ஏப்ரல் 3. இதற்கு "வாழ்த்து", "ஹேப்பி" எதுவும் கூடாது. இயேசு சிலுவையில் மரித்த நாள்

பங்குத்தந்தைக்கு, முதல்நாள் காலை:
மதிப்பிற்குரிய ஃபாதர், புனித வாரத்தில் தங்கள் ஜெபங்களில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். வழிபாட்டுப் பாடல் தாள்கள் கட்டுகளாக வந்து சேர்ந்திருக்கும். வெள்ளிக்குரிய கட்டில் ஊதா நிறத் துண்டுச் சீட்டும் ஞாயிறுக்குரியதில் வெள்ளைச் சீட்டும் ஒட்டியுள்ளோம். பக்கம் மாறியோ குறைந்தோ இருந்தால் இன்றே தெரிவியுங்கள். நாளை அச்சகம் இயங்காது.

டிசைனருக்கு:
நாளை விடுப்புதானே, நிம்மதியாக ஆலயத்துக்குப் போய் வாருங்கள். உங்கள் ஃபைல்களை இன்று மாலையே சர்வரில் போட்டுவிட்டால் யாரும் உங்களை அழைக்க வேண்டியிருக்காது.

ஈஸ்டர், ஏப்ரல் 5 ஞாயிறு

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்! புது நம்பிக்கையும் நலமும் உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் கிடைக்கட்டும்.
(கத்தோலிக்கர் "உயிர்ப்பு" என்பார்கள், மற்ற சபையினர் பலர் "உயிர்த்தெழுந்த திருநாள்" என்பார்கள். யார் எந்தச் சபை என்று தெரியாவிட்டால் "ஈஸ்டர் வாழ்த்துகள்" என்று போடுங்கள், எல்லோருக்கும் பொருந்தும்.)

தமிழ்ப் புத்தாண்டு, ஏப்ரல் 14 செவ்வாய்

சித்திரைத் திருநாள் வாழ்த்துகள். இன்று புத்தாண்டு கொண்டாடுவோருக்கு இனிய தொடக்கமாகட்டும். மற்றவர்களுக்கு நல்ல ஓய்வு நாளாகட்டும்.

புத்த பூர்ணிமாவும் உழைப்பாளர் தினமும், மே 1 வெள்ளி. இரண்டும் ஒரே நாளில் வருவதால் எல்லோருக்கும் ஒரே செய்தி

புத்தர் பிறந்ததையும் ஞானம் பெற்றதையும் மறைந்ததையும் சேர்த்து நினைக்கும் முழுநிலா நாள், உழைப்பவர் நாளோடு சேர்ந்து வருகிறது. மெஷின், பைண்டிங், கட்டிங், டெலிவரி என்று ஒவ்வொரு கைக்கும் நன்றி. புத்த பூர்ணிமா கொண்டாடும் நம் வாடிக்கையாளர்களுக்கு அமைதி பெருகட்டும்.

ஹஜ்ஜுப் பெருநாள், மே கடைசி வாரம்

துல்ஹஜ் மாதத்தின் 10ஆம் நாள். மாதப் பிறை தெரிந்ததுமே தேதி உறுதியாகிவிடும் என்பதால், நோன்புப் பெருநாள் போல் கடைசி இரவு வரை காத்திருக்கத் தேவையில்லை. செய்தி பெருநாள் காலை போகட்டும்.

தியாகத் திருநாள் வாழ்த்துகள். ஈத் முபாரக்! ஹஜ் சென்றிருக்கும் உங்கள் வீட்டாரும் உறவினரும் நலமாகத் திரும்பட்டும்.

(யாராவது ஹஜ்ஜுக்குப் போயிருப்பது தெரிந்தால் மட்டும் கடைசி வரி. முஹர்ரம் பத்தாம் நாளுக்கு யாருக்கும் வாழ்த்து வேண்டாம். ஷியா வாடிக்கையாளர்களுக்கு அது துக்க நாள்.)

ஆயுத பூஜை. பணியாளர் குழுவுக்கு, முதல்நாள்

நாளை மெஷின்களைத் துடைத்து, ரோலர் கழுவி, மாலை 5 மணிக்குப் பூஜை. விருப்பம் உள்ளவர்கள் நிற்கலாம். நிற்க விரும்பாதவர்களிடம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், ஆள் எண்ணவும் மாட்டார்கள். துடைக்கும் வேலை மட்டும் எல்லோருக்கும் பொது! விபூதி, குங்குமம் தட்டில் இருக்கும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும், யார் நெற்றியிலும் நாமாகப் பூச வேண்டாம். கட்டிங் மெஷினுக்கு மாலை போடும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டதை இரண்டு பேர் பார்க்கவும். பூவும் நூலும் பிளேடுக்குள் போனால் மறுநாள் காலை முதல் வேலையே கெடும்.

தீபாவளி, நவம்பர் 8 ஞாயிறு

வாடிக்கையாளருக்கு, 6ஆம் தேதி:
வணக்கம். உங்கள் இல்லத்தில் ஒளியும் மகிழ்ச்சியும் நிறையட்டும். தீபாவளி நல்வாழ்த்துகள்! 7 முதல் 9 வரை விடுமுறை, 10 செவ்வாய் காலை 9 மணிக்குத் திறப்போம்.

ஜைன வாடிக்கையாளருக்கு இதே செய்தியில் ஒரு வரி சேர்த்து:
மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாளையும் நீங்கள் நினைக்கும் வேளை இது. தீபாவளி வாழ்த்துகள், சார்.

இந்த ஆண்டு வீட்டில் ஒருவரை இழந்தவருக்கு. "வாழ்த்து" என்ற சொல் இல்லாமல், முதலாளி கையால் எழுதி அனுப்ப:
அம்மா, இந்த ஆண்டு வீட்டில் பண்டிகை இல்லை என்பதை அறிவோம். ஐயா எப்போதும் புரூஃபில் சிவப்பு மையால் திருத்திக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள்கள் எங்கள் ஃபைலில் இருக்கின்றன. வேண்டுமானால் கொண்டுவந்து தருகிறோம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

விடுமுறையில் அவசர வேலைக்கு நிற்கும் மூவருக்கு:
தீபாவளிக்கு நீங்கள் மூவரும் நிற்பதால் மற்றவர்கள் ஊருக்குப் போகிறார்கள். மிக்க நன்றி. கிறிஸ்துமஸுக்கும் அடுத்த பெருநாளுக்கும் அவர்கள் நிற்பார்கள். பட்டியல் அறிவிப்புப் பலகையில் உள்ளது. போனஸ் எல்லோருக்கும் ஒரே நாளில்தான், யாருடைய பண்டிகைக்கும் தனிக் கணக்கு இல்லை.

தீபாவளி கொண்டாடாத பணியாளர் ஒருவருக்கு வாடிக்கையாளரிடமிருந்து வாழ்த்து வந்தால், பதில்:
மிக்க நன்றி சார். உங்களுக்கும் இல்லத்தார் அனைவருக்கும் இனிய தீபாவளி வாழ்த்துகள்!
(அவ்வளவுதான். "நாங்கள் கொண்டாடுவதில்லை" என்று சேர்த்தால் வாழ்த்தியவர் சங்கடப்படுவார்.)

குருநானக் ஜெயந்தி, நவம்பர் 24 செவ்வாய்

குருநானக் தேவ் ஜி பிறந்தநாள் வாழ்த்துகள், சர்தார்ஜி. அன்பும் சேவையும் நிறைந்த நாளாக அமையட்டும். லேபிள் ஆர்டரை 26ஆம் தேதிக்கு நகர்த்திவிட்டோம், அவசரம் வேண்டாம்.

கிறிஸ்துமஸ், டிசம்பர் 25 வெள்ளி

வாடிக்கையாளருக்கு:
கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வாழ்த்துகள்! சமாதானமும் சந்தோஷமும் உங்கள் இல்லத்தில் தங்கட்டும்.
– உங்கள் அச்சகத்தார்

சிஸ்டர்களின் பள்ளிக்கு:
அன்புள்ள சிஸ்டர், தங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். டைரிகள் 22ஆம் தேதியே வந்து சேரும். விடுமுறைக்கு முன் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். ஸ்பைரல் வளைந்திருந்தால் ஜனவரி முதல் வாரத்துக்குள் மாற்றித் தருகிறோம்.

பணியாளர் குழுவுக்கு, 23 மாலை:
நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிறவர்கள் நாளை மாலை 4 மணிக்கே கிளம்பலாம். நாட்காட்டி நெருக்கடியான நேரம்தான், ஆனாலும் தீபாவளிக்கு அவர்கள் நின்றார்கள். எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் மகிழ்ச்சி!

ஆண்டு நிறைவு. மதம், நம்பிக்கை எதுவாயினும் எல்லோருக்கும், டிசம்பர் 31

வணக்கம். இந்த ஆண்டு எங்களை நம்பி வேலை கொடுத்தீர்கள், சிறு பிழைகளைப் பொறுத்தீர்கள், பெரிய பிழைகளைத் திருத்தச் சொன்னீர்கள். நன்றி. 2027 உங்களுக்கு நலமும் நல்ல வேலையும் தரட்டும். எல்லாப் பண்டிகைகளையும் சேர்த்த உங்கள் நாட்காட்டி இத்துடன் வருகிறது. பிறை பார்த்து முடிவாகும் நாட்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறோம். அவை ஒரு நாள் முன்பின் ஆகலாம்.
– உங்கள் அச்சகத்தார்