அடிப்பக்கம், உச்சிக்கோணம், குத்துயரம் தந்தால் முக்கோணம் வரைவது எப்படி?

BC = 6 செ.மீ, ∠A = 60°, A-யிலிருந்து BC-க்குக் குத்துயரம் 4.5 செ.மீ.

வகுப்பில் கரும்பலகையில் ஒரே படமாக வளர்ந்ததை இங்கே ஆறு படங்களாகப் பிரித்திருக்கிறோம். புதிதாகச் சேரும் கோடு தடித்தும் பழையவை மெல்லியதாகவும் இருக்கும்.

A எங்கே என்பதுதான் கேள்வி. 60° நிபந்தனை A-யை ஒரு வட்டவில்லில் நிறுத்துகிறது. குத்துயரம் ஓர் இணைகோட்டில் நிறுத்துகிறது. இரண்டும் வெட்டும் இடமே A.

படம் 1. BC = 6 செ.மீ. மேலே 6 செ.மீ, கீழே 3 செ.மீ இடம் விடுங்கள்.

படம் 2. B-யில், BC-க்குக் கீழே ∠CBE = 60°.
ஏன்? BE வட்டத்தின் தொடுகோடாகப் போகிறது. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம், நாணின் மறுபக்க வில்லில் அமையும் கோணத்துக்குச் சமம். அதனால் கீழே வரைந்த 60° மேலே உள்ள வில்லுக்குப் போய்ச் சேருகிறது. அதிகம் தவறுவது இங்கேதான்: கோணத்தை BC-க்கு மேலே வரைந்தால் மேல்வில்லில் 120° கிடைக்கும்.

படம் 3. B-யில் BE-க்குச் செங்குத்தாக, மேல்நோக்கி BF.
ஏன்? தொடுபுள்ளியில் ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து. ஆகவே வட்டமையம் BF-இல் இருக்கும். ∠FBC = 30° வருகிறதா என்று பாருங்கள்.

படம் 4. BC-க்கு மையக்குத்துக்கோடு. கவராயத்தை 4 செ.மீ விரித்தால் போதும், 3 செ.மீ-க்கு மேல் இல்லாவிட்டால் விற்கள் வெட்டாது. அது BC-யை M-இலும் BF-ஐ O-விலும் சந்திக்கும்.
ஏன்? B, C இரண்டிலிருந்தும் சம தொலைவில் உள்ள புள்ளிதான் மையமாக முடியும்.

படம் 5. O மையம், OB ஆரமாக வட்டம். ஆரத்தை அளவுகோலில் எடுக்காமல், கவராயத்தை O-விலிருந்து B வரை நேரடியாக விரியுங்கள்.
வட்டம் C வழியே போனால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. அது மையக்குத்துக்கோடு சரி என்பதை மட்டுமே காட்டும். கோணம் பிசகியிருந்தாலும் வட்டம் C வழியேதான் போகும். கோணத்துக்குச் சோதனை OB-யின் நீளம்: சுமார் 3.5 செ.மீ.

படம் 6. மையக்குத்துக்கோட்டில் M-இலிருந்து மேலே MG = 4.5 செ.மீ. மூலைமட்டத்தை நகர்த்தி, G வழியே BC-க்கு இணைகோடு வரையுங்கள். அது வட்டத்தை வெட்டும் இரு புள்ளிகளில் எதையும் A எனலாம். இரண்டு முக்கோணங்களும் சர்வசமம். AB, AC-யைச் சேர்த்துவிடுங்கள்.
ஏன்? அந்த இணைகோட்டின் எந்தப் புள்ளியும் BC-யிலிருந்து 4.5 செ.மீ தொலைவில்தான் இருக்கும். O-விலிருந்து அளந்தால் கோடு வட்டத்துக்கு மேலே போய்விடும், வெட்டாது.

சரிபார்ப்பு. வலப்பக்கப் புள்ளியை A என்று எடுத்தால் AB ≈ 6.8 செ.மீ, AC ≈ 4.6 செ.மீ. கோணமானியில் ∠A = 60°.

இதே BC, இதே கோணத்துக்குக் குத்துயரம் ஏறத்தாழ 5.2 செ.மீ வரைதான் செல்லும். அந்த எல்லையில் இணைகோடு வட்டத்தைத் தொடும், முக்கோணம் சமபக்கமாகும். அதைத் தாண்டிய அளவு கொடுத்தால் முக்கோணமே இல்லை.