டிஜிட்டல் மார்க்கெட்டிங் மேலாளர் பணி: 17ஆம் எண் விண்ணப்பம் குறித்த மதிப்பீடு

பெறுநர்: மனிதவளப் பிரிவு மேலாளர், கோயம்புத்தூர் தலைமை அலுவலகம்
அனுப்புநர்: விற்பனை மற்றும் சந்தைப்படுத்தல் பிரிவுத் தலைவர்

வெட் கிரைண்டர், மிக்சி ஆகியவற்றின் நேரடி இணைய விற்பனைக்காக நாம் வெளியிட்ட பணி அறிவிப்பில் மூன்று தகுதிகள் கட்டாயம் எனக் குறிப்பிட்டிருந்தோம். நடத்திய விளம்பரங்களின் பலனை எண்களால் காட்டுதல் (40 மதிப்பெண்), பகுப்பாய்வுக் கருவிகளில் தேர்ச்சி (30), வரி உட்பட மாதம் ரூ. 6 லட்சம் வரையிலான விளம்பரப் பட்ஜெட்டைத் தனிப்பொறுப்பில் கையாளுதல் (30) என்பவையே அவை. 17ஆம் எண் விண்ணப்பதாரரின் தன்விவரக் குறிப்பை இம்மூன்றோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் நான் அளிக்கும் மதிப்பெண் 100க்கு 61. நேர்முகத் தேர்வுக்கான தகுதி வரம்பு 60 என்பதால் அவரை அழைக்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன். வரம்பை மயிரிழையில்தான் தாண்டியிருக்கிறார் என்பதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

விண்ணப்பதாரர் சென்னை விளம்பர ஏஜென்சி ஒன்றில் 3 ஆண்டுகளும், பின்னர் திருப்பூரில் ஓர் ஆயத்த ஆடை இணையக் கடையில் 2 ஆண்டுகளும் பணியாற்றியுள்ளார். கேட்ட அனுபவம் 4 ஆண்டுகள், அதில் குறையில்லை.

விளம்பரப் பலன்கள்: 40க்கு 26

குறிப்பின் வலுவான வரி இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருக்கிறது: "2024 தீபாவளி விற்பனை: 6 வாரம், விளம்பரச் செலவு ரூ. 4.2 லட்சம், விற்பனை ரூ. 15.1 லட்சம், ஆர்ஓஏஎஸ் 3.6." ஆர்ஓஏஎஸ் என்பது விளம்பரத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைத்த விற்பனைத் தொகை. செலவு, வரவு, காலம் மூன்றும் சேர்ந்து வருவதால் இதைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க முடிகிறது, கணக்கும் சரியாகவே வருகிறது. நமக்கு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை "விற்பனையைப் பன்மடங்கு உயர்த்தினேன்" என்பதோடு நின்றுவிடும் நிலையில், இப்படி எழுதத் தெரிந்தவரை நான் மதிக்கிறேன்.

ஆயினும் இந்த 3.6 லாபத்தைக் குறிக்கிறதா என்பது வேறு கேள்வி. மொத்த லாப விகிதம் 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், விளம்பரச் செலவை ஈடுகட்டவே ஆர்ஓஏஎஸ் 3.33 தேவைப்படும். கேஷ் ஆன் டெலிவரியில் போன பார்சல்களில் 15 விழுக்காட்டு மதிப்பு திரும்பி வந்திருந்தால் 3.6 என்பது 3.06 ஆகக் குறைந்து, அந்த விற்பனை நட்டத்தில் முடிந்திருக்கும். அவர் தந்திருக்கும் விற்பனைத் தொகை ஆர்டர் பதிவான தொகையா, திரும்பி வந்தவை கழிந்த தொகையா என்று குறிப்பில் இல்லை. ஆடையைவிடப் பன்மடங்கு எடை கொண்ட கிரைண்டரைத் திருப்பி எடுக்கும் செலவை ஏற்கும் நமக்கு, இந்த வேறுபாட்டை உணர்ந்தவரே வேண்டும்.

ஏஜென்சிக் காலத்துப் பயிற்சி நிறுவன விளம்பரம் ஒன்றில், ஒரு விசாரணைக்கான செலவை 5 மாதத்தில் ரூ. 310இலிருந்து ரூ. 185ஆகக் குறைத்ததாக எழுதியுள்ளார். 40 விழுக்காட்டுக் குறைவு என அவர் தரும் கணக்கு சரியே. ஆனால் அந்த விசாரணைகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று சொல்லப்படவில்லை. முன்பு 100 பேரில் 8 பேர் சேர்ந்து, பின்பு 4 பேர் மட்டுமே சேர்ந்திருந்தால், ஒரு சேர்க்கைக்கான செலவு ரூ. 3,875இலிருந்து ரூ. 4,625ஆக உயர்ந்திருக்கும். அப்படித்தான் நடந்தது என்று நான் கூறவில்லை. தரப்பட்ட எண்ணை வைத்து எப்பக்கமும் முடிவு சொல்ல இயலாது என்பதால் பாதி மதிப்பெண்ணே அளித்தேன்.

"சமூக ஊடக ஈடுபாட்டை 250 விழுக்காடு உயர்த்தினேன்" என்ற வரிக்கு மதிப்பெண் அளிக்கவில்லை. எதிலிருந்து எதுவரை என்பது இல்லாத விழுக்காடு சான்றாகாது.

பகுப்பாய்வுக் கருவிகள்: 30க்கு 19

கூகுள் அனலிட்டிக்ஸ் 4, கூகுள் டேக் மேனேஜர், மெட்டா ஆட்ஸ் மேனேஜர், லுக்கர் ஸ்டூடியோ, எக்செல் என நாம் கேட்டவை எல்லாம் பட்டியலில் உள்ளன. பட்டியலில் பெயர் இருப்பதற்கு நான் மதிப்பெண் தருவதில்லை. கருவியைக் கொண்டு என்ன முடிவெடுத்தார் என்பதற்கே தருகிறேன். திருப்பூர்க் கடையில், பணம் செலுத்தும் பக்கத்தில் வாங்குதல் நிகழ்வு இருமுறை பதிவாவதை டேக் மேனேஜரில் கண்டுபிடித்துச் சரிசெய்ததாக எழுதியிருப்பது அத்தகைய ஒரு சான்று. திருத்தியபின் தம் அறிக்கையின் விற்பனை எண் குறைந்ததையும் அவர் மறைக்காமல் குறிப்பிட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதல் பக்கத்தில் ஒரு முரண்பாடு உண்டு. 2024 ஏப்ரல் முதல் பார்க்கும் பணிகளின் கீழ், கூகுள் அனலிட்டிக்ஸ் 4க்கு முந்தைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸில் இலக்குகளை அமைத்துக் கண்காணிப்பதாக ஒரு வரி உள்ளது. வழக்கமான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் கணக்குகள் 2023 ஜூலை 1 முதலே புதிய தரவைப் பெறுவதை நிறுத்திவிட்டன. பழைய குறிப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய வரியாக இருக்கலாம். பொய் என்று ஒதுக்காமல் நேரில் கேட்பதே நியாயம் எனக் கருதுகிறேன். 2022இல் பெற்ற கூகுள் ஆட்ஸ் சான்றிதழ் ஓராண்டு மட்டுமே செல்லும் என்பதால் அதைக் கணக்கில் கொள்ளவில்லை.

பட்ஜெட் கையாளுதல்: 30க்கு 16

"ரூ. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பட்ஜெட்டைக் கையாண்டேன்" என்ற ஏஜென்சிக் கால வரியில் காலவரை இல்லை. ஓராண்டுக்கு என்றால் மாதம் ரூ. 3.33 லட்சம், 3 ஆண்டுகளுக்கும் சேர்த்து என்றால் மாதம் ரூ. 1.11 லட்சம்தான். ஏஜென்சியில் ஒரே தொகையைக் குழுவில் உள்ள நால்வரும் தத்தம் குறிப்பில் எழுதுவது வழக்கம் என்பதால், செலவை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். 18 விழுக்காடு ஜிஎஸ்டி அந்தத் தொகைக்குள் அடங்குமா என்பது சிறிய விஷயமல்ல. நம் ரூ. 6 லட்சத்தில் வரி போக விளம்பரத்துக்குக் கிடைப்பது சுமார் ரூ. 5.08 லட்சமே, இதை மறந்து திட்டமிட்டால் மாதக் கடைசியில் விளம்பரங்களை நிறுத்த வேண்டிவரும்.

திருப்பூர்க் கடையின் மாதச் செலவு ரூ. 2 லட்சம் என்று தெளிவாகவே உள்ளது. தீபாவளி விற்பனையின் மூன்றாம் வாரத்தில், மெட்டாவில் ஓடிய பணத்தில் 30 விழுக்காட்டைக் கூகுள் தேடல் விளம்பரத்துக்கு மாற்றியதாகவும் எழுதியுள்ளார். பட்ஜெட் பகுதியில் எனக்கு நம்பிக்கை அளித்த வரி இதுவே. தொகை சிறிதானாலும், ஓடிக்கொண்டிருக்கும் செலவை எண்ணைப் பார்த்துப் பாதியில் மாற்றும் துணிவு அதில் தெரிகிறது. ரூ. 2 லட்சத்திலிருந்து ரூ. 6 லட்சத்துக்கு வருபவருக்கு முதல் மூன்று மாதங்கள் வாராந்தர மேற்பார்வை தேவைப்படும். அதை ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

நேர்முகத் தேர்வில் கீழ்க்காணும் நான்கு கேள்விகளை நானே கேட்க விரும்புகிறேன். தீபாவளி விற்பனையில் திரும்பி வந்த பார்சல்கள் கழிந்த தொகை எவ்வளவு? யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் பற்றிய வரி எந்தக் காலத்துப் பணியைக் குறிக்கிறது? ரூ. 40 லட்சத்தில் அவர் தனியாக முடிவெடுத்த பங்கு என்ன? மூன்றாம் வாரத்தில் பணத்தை மாற்ற எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுத்தார்?

முந்தைய நிறுவனங்களின் கணக்குத் திரைகளைக் காட்டுமாறு அவரை வற்புறுத்த வேண்டாம். அவை அவருடைய சொத்தல்ல. அதற்கு மாற்றாக, கடந்த பொங்கல் விற்பனையின் நம் செலவு அறிக்கையை வாடிக்கையாளர் விவரங்களை நீக்கி அவர் கையில் கொடுத்து, 45 நிமிடத்தில் அடுத்த மாதப் பட்ஜெட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லலாம். அறிக்கையை நான் புதன்கிழமைக்குள் அனுப்பிவைக்கிறேன்.