பெரியண்ணனுக்கு, ஜாதகம் பற்றி

தேவிபட்டினம்
ஞாயிறு இரவு

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

வணக்கம். மதினிக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள், வரும்போது கொண்டு வருகிறேன்.

நேற்று போனில், "அந்தத் தம்பியோட நட்சத்திரம், பிறந்த நேரம் ரெண்டையும் எழுதி அனுப்பு, புதன்கிழமை ஜோசியரைப் பார்க்கப் போறேன்" என்றீர்கள். நான் "சரிண்ணே" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்படிச் சொன்னது என் தப்பு. உங்கள் குரலைக் கேட்டதும் மறுத்துப் பேச வாய் வரவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க அந்தச் "சரி" உறுத்திக்கொண்டே இருந்தது. உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்: நட்சத்திரத்தையும் நேரத்தையும் நான் அனுப்பப் போவதில்லை, அண்ணே. இந்தக் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க வேண்டாம்.

இதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் முழுவதும் படியுங்கள்.

அப்பா இறந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. நீங்கள் எனக்குப் பெரியப்பா மகன்தான். ஆனால் அன்றிலிருந்து என் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டது நீங்கள். பி.எட். படிக்கிறேன் என்றபோது மதினியின் வளையலை அடகு வைத்துக் கட்டணம் கட்டினீர்கள். அதை மதினி ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன். இவரை விரும்புகிறேன் என்று சொன்ன அன்றும் நீங்கள் சத்தம் போடவில்லை. என்ன சாதி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கேட்டது ஜாதகம் ஒன்றுதான். அதையும் ஏன் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பெரியக்காவை நினைத்துக் கேட்கிறீர்கள்.

பெரியக்கா விரும்பிக் கட்டிக்கொண்டவள், ஜாதகம் பார்க்கவில்லை. இரண்டாவது வருஷம் ஐப்பசியில் கடலுக்குப் போன அத்தான் திரும்பவில்லை. மூன்று நாள் நீங்கள்தான் படகெடுத்துத் தேடினீர்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. எனக்கு நினைவிருப்பது, நீங்கள் கரையிறங்கி வந்தபோது கையில் இருந்த நீலக் கேன் மட்டும்தான். படகின் நம்பர் அதில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. அதை நீங்கள் யாரிடமும் கொடுக்கவில்லை. திண்ணையில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அன்றைக்கு வந்தவர்களில் யாரோ ஒருவர், "பொருத்தம் பார்க்காமக் கட்டினா இப்படித்தான்" என்று அக்கா காதில் விழுகிறபடி சொன்னார். அந்தச் சொல் அவளை இருபது வருஷமாக விடவில்லை. உங்களையும் விடவில்லை.

அண்ணே, அன்று நின்றது எஞ்சின். கச்சான் மாறி வாடை எழும்புகிற காலத்தில், பழைய எஞ்சினோடு, கரையைக் கூப்பிட ஒரு வயர்லெஸ்கூட இல்லாமல் போனார்கள். கூடப் போய்க் கரையேறிய இரண்டு பேரும் இதைத்தானே சொன்னார்கள்? அத்தானுடைய ஜாதகமும் அக்காவுடைய ஜாதகமும் பத்துக்குப் பத்து பொருந்தியிருந்தாலும் அந்த எஞ்சின் ஓடியிருக்காது. புருஷனையும் இழந்து, அதற்குத் தானே காரணம் என்ற பழியையும் அவள் இத்தனை வருஷம் சுமக்கிறாள். ஜாதகத்தை நான் மறுப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இப்போது நாம் பார்க்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். பொருந்தினால் எல்லோருக்கும் சந்தோஷம். பொருந்தாவிட்டால்? நான் அவரை விடப்போவதில்லை, அது உங்களுக்கும் தெரியும். பதில் எதுவானாலும் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு உங்களை ஜோசியரிடம் அனுப்புவது உங்களுக்கும் மரியாதை இல்லை, அந்தச் சாஸ்திரத்துக்கும் மரியாதை இல்லை. அதோடு முடியாது. நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால், அவருக்கு வேலையில் ஒரு அடி பட்டால், அம்மா அந்தத் தாளைத்தான் நினைப்பாள். பெரியக்கா வீட்டில் ஒருவர் வாய் தவறிச் சொன்னதை, நம் வீட்டில் நாமே எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா?

பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள், அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ரஜ்ஜு தட்டினால் கட்டவே கூடாது என்கிறார்கள். இருபத்தேழு நட்சத்திரத்தை ஐந்து ரஜ்ஜுவாகப் பிரித்திருக்கிறார்கள்: தலையில் மூன்று, கழுத்து, வயிறு, தொடை, பாதம் நான்கிலும் ஆறாறு. ஆணுக்கு 27, பெண்ணுக்கு 27 என்றால் மொத்தம் 729 ஜோடி. அதில் ஒரே ரஜ்ஜுவில் விழுவது 153. ஐந்து ஜோடிக்கு ஒன்றுக்கு மேலேயே வருகிறது. நம் தெருவில் ஜாதகம் பார்க்காமல் கட்டியவர்கள் எத்தனை வீடு இருக்கிறது, நீங்களே எண்ணிப் பாருங்கள். அதில் ஐந்துக்கு ஒரு வீடு அழிந்தா போயிற்று?

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது பாம்பன் பாலத்தில், வேனுக்குள். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் பிறந்துவிட்டார். "விடிஞ்சும் விடியாம இருந்துச்சு" என்பதுதான் அவர் அம்மாவுக்குத் தெரிந்த நேரம். வேனில் இருந்த யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னுடையதோ, அப்பா டைரியில் அதிகாலை 4.10, ஆஸ்பத்திரிச் சீட்டில் 3.40. லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. செவ்வாய் தோஷத்தை லக்னத்திலிருந்துதானே 2, 4, 7, 8, 12 என்று எண்ணுகிறார்கள்? லக்னமே உறுதியில்லாதபோது எதிலிருந்து எண்ணுவது? அதற்கு மேல் வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு வேறு. சனிப்பெயர்ச்சி திருக்கணிதத்தில் 2025 மார்ச்சில், வாக்கியத்தில் 2026 மார்ச்சில். ஒரு வருஷம் இடிக்கிறது. நீங்கள் புதன்கிழமை பார்க்கிறவர் ஒன்று சொல்வார், மதினியின் தம்பி பார்க்கிறவர் இன்னொன்று சொல்வார்.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கும் மதினிக்கும் ஜாதகம் பார்த்தார்களா? பார்க்கவில்லை. "உரிமைப் பொண்ணுக்கு என்ன ஜாதகம்?" என்று பெரியப்பா சொன்னதை நீங்களே எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறீர்கள். அத்தை மகள், பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள், அவள் குணம் தெரியும், அது போதும் என்று பெரியப்பா நினைத்தார். நானும் அதையேதான் சொல்கிறேன். ஐந்து வருஷமாக இவரைப் பார்க்கிறேன். குணம் தெரியும்.

என்ன தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். மண்டபத்தில் அவர் பட்டறைக்கு நான் முதலில் போனது சித்தப்பா படகுக்காக. பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை என்று சித்தப்பா அவசரப்படுத்தினார். அவர் எஞ்சினை ஓடவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அரைமணி நேரம் பக்கத்தில் நின்று சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு டீசல் ஃபில்டரையும் ஒரு பெல்ட்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அணியத்துப் பலகைக்குக் கீழே கயிறு போட்டுக் கட்டினார். "நடுக்கடல்ல கடை இல்லை மாமா" என்றார். ஒவ்வொரு படகுக்கும் ஆயில் மாற்றிய தேதியைத் தனித்தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தேதி தாண்டிய படகுக்காரர்களுக்கு அவரே போன் செய்வார். சித்தப்பாவோடு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த நீலக் கேன்தான் என் கண் முன்னால் நின்றது. பெரியக்காவிடம்தான் இவரைப் பற்றி முதலில் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "கடலுக்குப் போறவரா?" "போறவங்களோட எஞ்சினைப் பார்க்கிறவர்" என்றேன். என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அவர் குடிப்பதில்லை. கடன் இருக்கிறது: பட்டறைக்கு வாங்கிய ஒன்றரை லட்சம், மாதாமாதம் கட்டுகிறார், பாஸ்புத்தகத்தை என்னிடம் காட்டினார். இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டோம், அந்தத் தாள்களை நீங்கள் கேட்டால் தருகிறேன். இதெல்லாம் நீங்கள் விசாரிக்க வேண்டியவை. தாராளமாக விசாரியுங்கள், மண்டபத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அதில் ஒரு குறை கண்டுபிடித்து வந்து சொன்னால் உட்கார்ந்து கேட்பேன்.

கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாமே என்று அம்மா சொல்கிறாள். அதுவும் வேண்டாம் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். சிவப்பு வந்தால் என்ன செய்வது என்ற அதே கேள்விதான் அங்கேயும்.

நான் சாமி இல்லை, கிரகம் இல்லை என்று சொல்ல வரவில்லை. நவபாஷாணத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். தண்ணீர் வற்றும்போது ஒன்பது கல்லும் தலை தூக்குவதையும், நிறையும்போது மறைவதையும் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள். எந்த ஊரிலிருந்தெல்லாமோ பயத்தோடு வந்து, நவதானியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லைச் சுற்றுகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பயத்தை யார் இவர்களுக்குக் கொடுத்தார்கள் என்றுதான் தோன்றும். நானும் சுற்றுவேன் அண்ணே. தாலி கட்டியதும் நீங்களும் மதினியும் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் வந்து சுற்றுகிறோம். பயந்து அல்ல, கும்பிட்டு.

முகூர்த்தத்தை நீங்கள்தான் குறிக்க வேண்டும். அதில் நான் வாயே திறக்க மாட்டேன். எந்த நாள், எந்த நேரம், எந்த மண்டபம், எல்லாம் உங்கள் சொல்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கும், அவருக்கு ராத்திரி பகல் வேலை இருப்பது அந்த இரண்டு மாதம்தான். அதனால் ஆனியில், ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் பாருங்கள். அப்பா இடத்தில் நின்று என்னைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியது நீங்கள். நீங்கள் வராமல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற எண்ணம் எனக்கு இல்லை. ஆறு மாதமானாலும் காத்திருப்பேன். ஆனால் காத்திருப்பது உங்கள் சம்மதத்துக்காக, ஜோசியர் பதிலுக்காக அல்ல.

புதன்கிழமை நீங்கள் ஜோசியர் வீட்டுக்குப் போக வைத்திருந்த நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். அவரும் பட்டறையைச் சாத்திவிட்டு வருகிறார். பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்குவோம். அவரைத் திண்ணையில் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நான் மதினியோடு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். கேட்க வேண்டியதையெல்லாம் அவரிடமே கேளுங்கள். பெரியக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

மதினியிடம் ஒரு கிலோ ஊளி மீன் வாங்கி வருவதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
கயல்விழி