நாற்பது நிமிட அனிமேஷன் சிறப்புப் படம்: தயாரிப்பு அளவீட்டுக் குறிப்பு

இயக்குநருக்கும் ஹட்டன் ஸ்டூடியோவில் இப்படத்தில் இணையும் எட்டுப் பேருக்கும்,

திரைக்கதையின் இரண்டாம் வரைவை அப்படியே எடுப்பதென்றால் 23 பேசும் பாத்திரங்களும் 64 பின்னணிகளும் தேவைப்படும். நம்மிடமோ முழு அசைவு வரையும் இருவரும், ரிக் கொண்டு அசைக்கும் நால்வரும், பின்னணிக்கு ஒருவரும், இணைப்புக்கு ஒருவரும் மட்டுமே இருக்கிறோம். ஆகவே பாட்டியின் முகத்துக்கும் கொழுந்து கிள்ளும் விரல்களுக்கும் உழைப்பைக் கொட்டி, மற்ற இடங்களில் கூச்சமின்றிச் சிக்கனம் பிடிப்பது என்ற அடிப்படையில் இதைப் பிரித்திருக்கிறேன்.

நாற்பது நிமிடம் என்பது 2,400 விநாடி. விநாடிக்கு 25 பிரேம் என்றால் 60,000 பிரேம். தலைப்புக்கும் பெயர்ப்பட்டியலுக்கும் ஒன்றரை நிமிடம் போக மீதியுள்ள தொடர்கள் இவை: லயத்துக் காலையும் பெரட்டும் 4 நிமிடம், தேயிலை மலை 7, மடுவத்தில் கொழுந்து நிறுவை 5, மூதாதையர் நடைப்பயணம் 6, மழை இரவில் காம்பராவுக்குள் 8, காமன் கூத்து 5, பதுளை ரயில் மூன்றரை.

இந்த முப்பத்தெட்டரை நிமிடத்தில் முழுமையாகக் கையால் வரையப்படுவது நான்கு நிமிடம் மட்டுமே. ஒரு வரைபடத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் அதற்கே 3,000 வரைபடங்கள் வேண்டும். இருவரும் வாரத்துக்கு ஆளுக்கு ஐந்து விநாடி முடித்தால் 24 வாரம் ஆகும். ரிக் வேலை 24 நிமிடம். நால்வரும் வாரத்துக்கு ஆளுக்குப் பதினைந்து விநாடி முடித்தால் அதுவும் 24 வாரத்தில் முடியும். எஞ்சிய பத்தரை நிமிடம், அசையாத ஓவியத்தின் மீது கேமரா நகர்வும் மூடுபனியும் மழையும் மட்டுமே கொண்ட ஷாட்டுகள்.

தேயிலை மலைத் தொடர் நமக்கு மிகவும் சாதகமானது. கொழுந்தெடுக்கும் பெண்களின் இடுப்புக்குக் கீழே செடிகள் மறைத்துக்கொள்வதால் அங்கே நடக்கும் கால்களை வரையவே தேவையில்லை. அருகுச்செடி, நடுச்சரிவு, தூரமலை, பனி என நான்கு அடுக்குகளைத் தனித்தனியே வரைந்து இடம் மாற்றி வைத்தால் ஒன்பது பின்னணிகள் கிடைக்கும். கொங்காணி போட்டுத் தலைக்கயிற்றில் கூடை தொங்கவிட்ட ஒரே பெண் ரிக்கைச் சேலை நிறத்தையும் உயரத்தையும் மாற்றி ஆறு பேராக்கலாம்.

ஆனால் அவளை இடவலமாகத் திருப்பிப் போட வேண்டாம். முன்பு நாம் செய்த குறும்படத்தில் நானே அப்படித் திருப்பி, முந்தானை வலத்தோளுக்குப் போய்விட்டதை முதல் காட்சியில் உட்கார்ந்திருந்த அம்மாமார் சிரித்துக் காட்டிய பிறகுதான் கவனித்தேன். திருப்புவதை நிழலுருவங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். காமன் கூத்தைச் சுற்றி நிற்கும் அறுபது பேரும் தீ வெளிச்சத்தின் முன் பன்னிரண்டு நிழலுருவங்களிலிருந்து வருவார்கள். ரதி, மன்மதன் இருவரின் ஆட்டத்தில் நாற்பது விநாடி மட்டும் கையால் வரையப்படும். மற்றதைத் தப்பின் ஒலியும் ஆடும் நிழலும் தாங்கும்.

நடைப்பயணத் தொடரில் மலைப் பின்னணிகளை மீண்டும் பயன்படுத்தலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. பாட்டி சொல்வது 1860களில் மன்னாரில் இறங்கி மாத்தளைப் பக்கம் காட்டுவழியே நடந்தவர்களின் கதை. லூல்கந்துரையில் தேயிலை பயிரிடப்பட்டதே 1867இல்தான். அவர்கள் வந்து சேர்ந்தது கோப்பித் தோட்டங்களுக்கு என்பதால், தேயிலைச் சரிவைக் காட்டினால் நம் ஊர்ப் பிள்ளைகளே பிழை பிடிப்பார்கள். ஆகவே இத்தொடரை முழுவதும் ஒற்றை நிறத்தில், காடு, வறண்ட பாதை, கோப்பி மலை என்ற மூன்று நீண்ட ஓவியங்களில் கேமராவை நகர்த்தி, ஒரே நடைச்சுழற்சியில் செல்லும் நிழல் வரிசையாக எடுக்கிறோம். வழியில் இறந்தவர்களைக் காட்ட வரிசையில் ஆட்கள் குறைந்துகொண்டே வருவது போதும். அந்த அடக்கம் சிக்கனத்துக்காக வந்தாலும் கதைக்கு அதுவே பொருத்தம்.

காம்பராத் தொடருக்கு ஒரே அறை, ஒரே விளக்கு. தகரக் கூரையில் விழும் மழையை ஒலியால் சொல்லி, சன்னலில் மூன்று விநாடிச் சுழற்சியாக மட்டும் காட்டுவோம். பாட்டிக்குப் பத்து வாய்வடிவங்கள் வேண்டும். ப, ம ஒலிகளில் உதடு மூடாவிட்டால் தமிழ் கேட்பவருக்கு உடனே உறுத்தும். மற்றவர்களுக்கு ஐந்து போதும். ரயில் தொடரில் பெட்டியின் உட்புறமும் சன்னலுக்கு வெளியே நகரும் தேயிலை அடுக்குகளும் மட்டுமே. ஒன்பது வளைவுப் பாலத்தை ஒரே ஓவியமாக ஒருமுறை காட்டுவோம்.

இவ்வாறு பேசும் பாத்திரங்கள் ஒன்பதாகவும் பின்னணிகள் 22 ஆகவும் குறைகின்றன. மடுவத்தில் நிறுவைக்காரரும் கணக்குப்பிள்ளையும் ஒரே ஆளாக வேண்டும், பள்ளிக்கூடக் காட்சி நீங்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இயக்குநரின் சம்மதம் கிடைத்ததும் மூன்றாம் வரைவுக்கு அனிமேட்டிக் தொடங்கலாம். காமன் கூத்து மாசியில் நடப்பதால், அதைப் பார்த்து வரைய வேண்டிய இருவரையும் அந்த வாரம் வேறு வேலையில் போடவில்லை.