இடம் போதவில்லை

பயிற்சியின் முதல் மாதத்தில் விடுப்பு கிடையாது. அக்கா கல்யாணத்துக்குக் கவிதா போகவில்லை. ஆல்பம் இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது, ஒரே ஜிப் ஃபைலாக, 1.8 ஜிபி. அவளுடைய பழைய 16 ஜிபி போனில் மிச்சம் 300 எம்பி.

பெருங்குடி விடுதியின் மேல்கட்டிலில் படுத்தபடியே அழித்தாள். குடும்பக் குரூப்பின் காலை வணக்கப் படங்கள் போயின. உச்சரிப்புக்காகத் தன் குரலில் பதிந்த நாற்பது ஆடியோவும் போயின: "மே ஐ நோ யுவர் நேம், சார்?" போதவில்லை.

மிஞ்சியது அப்பா எடுத்த வீடியோ. 11 நிமிடம். மோட்டாரைப் போட்டுவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வரும் வரை காத்திருக்கிறார். "பாப்பா, தண்ணி வந்துட்டு பாரு." அவர் போய் இரண்டு வருடம்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"இடம் இல்லக்கா."

"அப்பா வீடியோவை அழிச்சிராத. எங்கிட்ட அது இல்ல. சரி, ஒவ்வொரு படமா அனுப்புதேன். பாத்துட்டு அழி."

முதல் படம் வந்தது: முகூர்த்தக்கால் நடும் அம்மா. நெடுநேரம் பார்த்தாள்.

"ம். அடுத்தது அனுப்பு."