‘அ’ எழுத அமர்ந்து ‘ட’ எழுதி எழுந்த காலை

விஜயதசமி, 2 அக்டோபர் 2025, வியாழக்கிழமை, காலை ஆறே கால் மணி, மொரீசியஸ், குவாத்ர் போர்ன், எங்கள் வீட்டு முன்னறை.

படத்தின் நடுவில், தாத்தாவின் மடியில், மஞ்சள் பட்டுப் பாவாடையும் நெற்றியில் சற்றே கோணலான பொட்டுமாக அமர்ந்திருப்பவள் எங்கள் பாப்பா. வயது இரண்டு ஆண்டு, எட்டு மாதம். அவள் முகத்தில் தெரிவது பக்தி என்று என் மாமியார் உறுதியாகச் சொல்கிறார். பெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்: அது, தட்டைக் கவிழ்ப்பதா வேண்டாமா என்று அவள் யோசிக்கும்போது வழக்கமாக வரும் முகம்.

அவள் முன்னால் இருக்கும் பித்தளைத் தாம்பாளம் என் பாட்டியுடையது. அதில் மணல் பரப்ப வேண்டும் என்பதே அப்பாவின் ஆசை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில்தான் விரலால் எழுதிப் பழகினார்கள் என்று அவர் படித்திருக்கிறார். நான்கு புறமும் கடல் சூழ்ந்த தீவில் ஒரு தட்டு மணலுக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கடற்கழியில் மணல் அள்ளுவது 2001ஆம் ஆண்டிலேயே இங்கே தடை செய்யப்பட்டுவிட்டது, கரையிலிருந்து ஒரு படி மணல் எடுத்து வந்தால் யாரும் பார்க்கப் போவதில்லை என்று என் தம்பி சொன்னதற்கு, “முதல் எழுத்தையே திருட்டு மணலிலா எழுதுவது?” என்று அப்பா கேட்ட கேள்வியோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆகவே அரிசி.

அரிசியிலும் ஒரு வழக்கு இருந்தது. மாமியார் விலை உயர்ந்த பாஸ்மதி வாங்கி வைத்திருந்தார். முந்தைய நாள் இரவு நான் ஒத்திகை பார்த்தபோது, நீளமான அந்த மணிகள் நேர்கோட்டுக்கு இடம் கொடுத்தனவே தவிர, ‘அ’வின் சுழிக்கு வளைந்து கொடுக்கவில்லை, விரலை எடுத்ததும் மணிகள் குறுக்கே சரிந்து சுழியை மூடிவிட்டன. அதற்குப் பிறகு, கடையில் ரேஷன் அரிசி என்று விற்கும் குறுமணி அரிசியைப் புடைத்து, நொய்யும் கலந்தபடியே மஞ்சள் தூளும் இரண்டு சொட்டு நெய்யும் விட்டுப் பிசறிப் பரப்பினேன். அரை விரற்கடை உயரத்துக்கு மேல் போனால் எழுத்து தூர்ந்துபோகிறது. அந்த அளவில் நிறுத்தினால் விரல் போன தடமெல்லாம் அடியிலுள்ள பித்தளை மின்னி, எழுத்து பொன்னால் எழுதியது போல் தெரிகிறது. படத்தில் அந்த மின்னலைப் பார்க்கலாம். சரஸ்வதி வெண்தாமரையில் வீற்றிருப்பவள். ரேஷன் அரிசியில் வந்து அமர அவள் தயங்கவில்லை.

நேரம் குறித்தவர் என் சித்தப்பா. சென்னைப் பஞ்சாங்கத்தைத் திறந்து, நம் கடிகாரம் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதைக் கழித்துக் கணக்கிட்டு, நாள் முழுவதும் நல்ல நேரம்தான், குரு வாரம் வேறு என்று அவர் அறிவித்தார். இருந்தும் ஆறு மணிக்கே வைத்துக்கொண்டதற்குக் காரணம் எந்தக் கிரகமும் இல்லை; இந்த நாட்டில் விஜயதசமிக்கு விடுமுறை கிடையாது, தம்பிக்கு எட்டு மணிக்கு அலுவலகம், எனக்குப் பள்ளிக்கூடம்.

இனி, அப்பாவைப் பற்றி. படத்தை உற்றுப் பார்த்தால் அவருடைய வலது முழங்காலுக்கு அடியில் மடித்த தாள் ஒன்றின் ஓரம் தெரியும். முப்பத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர் அவர். வீட்டில் கிரியோல் பேசி வளர்ந்து, கோயிலில் தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அச்சிட்ட சிறு புத்தகத்தைப் பார்த்தே பாடிப் பழகி, நாற்பத்தொன்றாம் வயதில் மாலை வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டார். அவருக்கு ஏடு தொடங்கி வைத்தவர் யாரும் இல்லை. அந்தத் தாளில் “அரி நமோத்து சிந்தம்” என்ற தொடரை அவர் இரண்டு விதமாக எழுதி வைத்திருந்தார்: மேலே தமிழில், கீழே பதற்றத்துக்குத் துணையாகப் பிரெஞ்சு எழுத்தில். திண்ணைப் பள்ளிகளில் முதல் பாடத்துக்கு முன்னால் சொல்லப்பட்ட வணக்கம் அது. சமணர்களிடமிருந்து வந்த வழக்கு என்றும், அரிச்சுவடி என்ற சொல்லின் ‘அரி’ இதிலிருந்து வந்தது என்றும் கூறுவார்கள். தமிழாசிரியையான நான் இதையெல்லாம் விளக்கத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

முதலில் தங்க மோதிரத்தைத் தேனில் தோய்த்து அப்பா அவள் நாக்கில் எழுதினார். அவள் மோதிரத்தைக் கவ்விக்கொண்டு விட மறுத்ததால், நாக்கில் என்ன எழுத்து அமைந்தது என்பது கலைமகளுக்கு மட்டுமே தெரியும். மோதிரத்தை மீட்ட பிறகு, அவள் சுட்டுவிரலைத் தன் கைக்குள் அடக்கி, தட்டின் மேல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டார். அதற்குக் கீழே அந்தத் தொடரைச் சொல்லிக்கொண்டே ‘அ’ எழுதத் தொடங்கினார். கையில் சிறு நடுக்கம் இருந்தது. பெரிய வண்டியை மலைச்சரிவில் திருப்பியபோதெல்லாம் வராத நடுக்கம். சுழி வந்தது, வயிறு போன்ற வளைவு வந்தது, குறுக்குக்கோடும் வந்தது. நிற்கும் கோடு மட்டும்தான் பாக்கி. அந்த இடத்தில் பாப்பா தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, தட்டின் வலது மூலையில், யாருடைய துணையும் இல்லாமல், மேலிருந்து கீழாக ஒரு கோடு இறக்கி, விரலை எடுக்காமலே வலப்பக்கம் ஒரு கோடு இழுத்தாள். “ஃபினி!” என்றாள். முடிந்தது என்று கிரியோலில் பொருள். என் கணவர் கைப்பேசியில் இந்தப் படத்தை எடுத்தது அந்த நொடியில்தான்.

வலது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது ‘ட’. ஐயமே வேண்டாம், ஆண்டுதோறும் முதல் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளில் நான் திருத்தும் பல ‘ட’க்களைவிட இது நிமிர்ந்து நிற்கிறது.

எனக்கு இதில் வியப்பில்லை. வகுப்பில் நானும் ‘அ’விலிருந்து தொடங்குவதில்லை. சுழியும் வளைவும் இரண்டு கோடுகளும் சேர்ந்த ‘அ’, பிஞ்சு விரலுக்கு நம் நெடுங்கணக்கு வைக்கும் கடினமான தேர்வு. ‘ட’வும் ‘ப’வும் கையெடுக்காமல் இழுக்கக் கூடியவை, விரல் பழகியது அவற்றில்தான். சடங்கு எழுத்தை வணங்குவதற்காக ‘அ’வில் தொடங்குகிறது, பள்ளிக்கூடம் எழுதப் பழகுவதற்காக ‘ட’வில் தொடங்குகிறது, பாப்பா ஒரே காலையில் இரண்டையும் முடித்துவிட்டாள் என்று சொல்லி, தாயென்ற பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் சித்தப்பா இலக்கணம் பேசினார். தமிழில் ‘ட’ மொழிக்கு முதலில் வராத எழுத்து; தமிழ்ச் சொல் எதுவும் ‘ட’வில் தொடங்காது; அப்படியிருக்க, ஒரு பிள்ளையின் கல்வி ‘ட’வில் தொடங்கலாமா? கேள்வி நியாயமானது. அறையில் கொஞ்ச நேரம் அமைதி. டமாரம், டம்பம் என்று மாமியார் முனகிப் பார்த்தார். அவற்றை எல்லாம் இலக்கணம் ஒப்பாது என்று சித்தப்பா தள்ளிவிட்டார். அப்பா மட்டும் தட்டைப் பார்த்தபடியே, “முதல்ல வராட்டி என்ன, வீடு, நாடு, பாட்டு, ஏடு, எல்லாத்துக்கும் உள்ளே அதுதானே நிக்குது” என்றார். மாலை வகுப்பில் படித்தவர். தமிழாசிரியைக்கு அது தோன்றவில்லை.

தட்டின் இடப்புறம் வெற்றிலை பாக்குக்கு அடியிலிருந்து எட்டிப் பார்ப்பது தட்சிணைக்காக வைத்த நூறு ரூபாய் நோட்டு. அதில் இருப்பவர் வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான இரங்கநாதன் சீனிவாசன். விழாவுக்கு வந்தவர்களிலேயே எந்த அவசரமும் காட்டாமல் இருந்தவர் அவர்தான். அந்த நோட்டை அங்கே வைக்கச் சொன்னதும் அப்பாதான், காரணம் தட்சிணை மட்டும் அல்ல. நம் நாட்டுப் பணத்தில் தமிழ் எழுத்து உண்டு. 1998ஆம் ஆண்டில் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டபோது தமிழர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, மறு ஆண்டு தமிழ் பழைய வரிசையிலேயே ஆங்கிலத்துக்கு அடுத்தபடி அச்சாகி வந்தது. தட்டிலுள்ள எழுத்தும் பணத்திலுள்ள எழுத்தும் ஒன்றுதான் என்று பேத்திக்குக் காட்ட அப்பா விரும்பினார். ‘நூறு’ என்ற சொல்லின் மேல் அவர் விரலை வைத்துக் காட்டியதும் அவள் முழு நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். ஏடும் எழுதுகோலும் அருகிலேயே இருந்தன. அவற்றை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. கல்வியா செல்வமா என்ற பழைய கேள்விக்கு எங்கள் வீட்டில் கிடைத்த விடையை நாங்கள் வெளியே சொல்வதில்லை.

சன்னலில் மங்கலாகத் தெரியும் முகடு கோர் தெ கார்த் மலை. அதன் சரிவிலுள்ள முருகன் கோயில் படத்தில் விழவில்லை என்று என் கணவருக்கு வருத்தம். முகட்டைப் பிடிப்பதற்காக அவர் பின்னால் நகர்ந்ததில்தான் மாமியாரின் தலை பாதி வெட்டுப்பட்டது. இதைப் பற்றி வீட்டில் வேறு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். மேல் மூலையில் இருக்கும் பழுப்பு நிறக் கறை அவருடைய கட்டைவிரல்.

அரிசியை அன்று மதியமே சர்க்கரைப் பொங்கலாக்கினோம். கொட்டுவதற்கு முன் அப்பா தட்டை இரண்டு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முற்றுப்பெறாத ‘அ’வின் நிற்கும் கோட்டைத் தன் சுட்டுவிரலால் மெதுவாக இழுத்து முடித்துவிட்டுத்தான் பாத்திரத்தில் சாய்த்தார். பாயில் சிந்தியிருந்த மணிகளையும் ஒன்றொன்றாகப் பொறுக்கினார். முழங்காலுக்கு அடியில் இருந்த தாளை நான்காக மடித்துச் சரஸ்வதி படத்துக்குப் பின்னால் செருகி, “அடுத்த பேரப்பிள்ளைக்கு வேணும்” என்றார். ஐந்து மாதத்துக்கு முன் திருமணமான என் தம்பி, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சுண்டலைக் கூட வாங்காமல் அன்று காலையிலேயே புறப்பட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.